கொடிக்கம்பத்தின் நிழலை வைத்துப் பருவகாலத்தைப் புரியவைப்பது எப்படி?

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வெயில்காலம் ஏன் வருகிறது என்று கேட்டால், பாதிப் பிள்ளைகள் "சூரியன் கிட்ட வந்துரும் சார்" என்கிறார்கள். பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது என்று படம் போட்டுச் சொல்லிவிட்டேன், மனதில் நிற்கவில்லை. ஏழெட்டு நிமிடத்தில் பேசிக் காட்டுகிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தர முடியுமா?

பதில்:

எழுதித் தருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று: அந்தப் படத்தைக் கடைசிவரை எடுக்காதீர்கள். பாடப்புத்தகப் படம் விண்வெளியில் எங்கோ நின்று பூமியைப் பார்ப்பதுபோல் வரையப்பட்டது. உங்கள் பிள்ளைகள் நிற்பது பள்ளி மைதானத்தில். அங்கே நின்று பார்த்தால் பூமியின் சாய்வு கண்ணில் படாது, நிழல்தான் படும். நிழலில் தொடங்கினால், "இது ஏன் இப்படி?" என்ற கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வரும். அதற்குப் பதிலாகத்தான் சாய்வு வரவேண்டும். சாய்வை முதலில் சொல்லிவிட்டால், கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னதாகிவிடும். அது எப்படி மனதில் நிற்கும்?

படத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. சுற்றுப்பாதையைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பதுபோல் வரைவதால், அது நன்றாக நசுங்கிய முட்டை வடிவமாகத் தெரிகிறது. அதைப் பார்க்கிற பிள்ளை, பூமி சில மாதம் சூரியனை உரசிப் போகிறது, சில மாதம் வெகுதூரம் போய்விடுகிறது என்றுதான் நினைக்கும். உண்மையில் பாதை கிட்டத்தட்ட வட்டம். காம்பஸில் 10 சென்டிமீட்டர் ஆரம் வைத்து ஒரு வட்டம் போட்டால், சூரியனை நடுப்புள்ளியிலிருந்து 1.7 மில்லிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும், அவ்வளவுதான். வட்டம் நசுங்கியிருப்பது கண்ணுக்கே தெரியாது. "சூரியன் கிட்ட வந்துரும்" என்ற பதிலுக்குப் பாதிக் காரணம் அந்தப் படம்தான் என்பது என் எண்ணம்.

மதுரைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 9.9 டிகிரியில் இருக்கிறது. அதனால் நம் நண்பகல் நிழல் வருடத்தில் பெரும்பகுதி வடக்கே விழுகிறது, சில மாதம் தெற்கே விழுகிறது, இரண்டு முறை இல்லாமலே போகிறது. டெல்லி ஆசிரியருக்கு இந்தச் சான்று கிடைக்காது. அங்கே நண்பகல் நிழல் வருடம் முழுக்க வடக்கேதான். நம்மிடம் இருப்பதை வைத்துத்தான் இந்த ஸ்கிரிப்டை எழுதியிருக்கிறேன்.

தேவையானவை: பள்ளிக் கொடிக்கம்பம், ஒரு டார்ச், கட்டம் போட்ட சார்ட் அட்டை, பூகோள உருண்டை, ஒரு குண்டூசி, டார்ச் உள்ள ஒரு செல்போன். குண்டூசியை ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, உருண்டையில் மதுரை இருக்கும் இடத்தில் துளி களிமண் வைத்து நேராக நட்டுவிடுங்கள். கம்பம் 20 அடி என்று வைத்துக் கணக்கிட்டிருக்கிறேன். உங்கள் கம்பம் வேறு உயரமாக இருந்தால் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

வகுப்பில் பேச வேண்டியது

"பிள்ளைகளா, ஒரு கேள்வி. மத்தியான நேரம், சூரியன் அன்றைக்கு எவ்வளவு உயரம் போகுமோ அவ்வளவு உயரத்தில் நிற்கிறது. அப்போது நம் கொடிக்கம்பத்தின் நிழல் எந்தப் பக்கம் விழும்?

(பதில்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். 'காலடியிலேயே விழும்', 'நிழலே இருக்காது' என்று நிறையப் பேர் சொல்வார்கள். சரி, தவறு என்று எதுவும் சொல்ல வேண்டாம்.)

சரி, கம்பத்தையே கேட்போம். டிசம்பர் 21-ஆம் தேதி இந்தக் கம்பத்தின் நிழல் வடக்கே 13 அடி நீளம் விழும். மார்ச் 21-இல் அதே வடக்குப் பக்கம், ஆனால் மூன்றரை அடிதான். சித்திரை பிறந்து இரண்டு நாள் ஆனதும், ஏப்ரல் 15, 16 வாக்கில், நிழலே கிடையாது. அப்புறம் என்ன ஆகும், சொல்லுங்கள் பார்ப்போம்.

(கொஞ்சம் பொறுங்கள். யாராவது ஒருவர் 'மறுபடியும் வடக்கே' என்பார், ஒருவர் 'தெற்கே' என்பார்.)

தெற்கே! ஜூன் 21-இல் நிழல் தெற்குப் பக்கம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவாக விழும். பிறகு திரும்பி வரும். ஆகஸ்ட் 27, 28 வாக்கில் மறுபடியும் நிழல் இல்லை. செப்டம்பரில் வடக்கே மூன்றரை அடி, டிசம்பரில் வடக்கே 13 அடி. இப்படியே ஒவ்வொரு வருடமும்.

கம்பம் நகரவில்லை. அப்படியானால் நகர்ந்தது எது? நிழல் வடக்கே விழுந்தால் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது? தெற்கிலிருந்து. மார்கழியில் தெற்குப் பார்த்த வீட்டுத் திண்ணையில் வெயில் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஜூன் மாதம் அதே திண்ணையில் வெயில் விழாது, வீட்டின் வடக்குச் சுவரில் அடிக்கும். நமக்குச் சூரியன் டிசம்பரில் தெற்கே சாய்ந்து போகிறது, ஏப்ரலில் நேர் உச்சிக்கு வருகிறது, ஜூனில் கொஞ்சம் வடக்கே தாண்டிப் போகிறது.

இப்போது ஒரு சந்தேகம். வெயில் காலத்தில் சூரியன் நமக்குக் கிட்டே வந்துவிடுகிறதா? அளந்து பார்த்திருக்கிறார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில். அப்போது தூரம் 14 கோடியே 70 லட்சம் கிலோமீட்டர். மிகத் தள்ளிப் போவது ஜூலை முதல் வாரத்தில், 15 கோடியே 20 லட்சம். மார்கழிக் குளிரில் போர்த்திக்கொண்டு படுக்கிறோமே, அப்போதுதான் சூரியன் மிக அருகில் இருக்கிறது! ஆகவே வெயில் கூடுவதற்குத் தூரம் காரணமாக இருக்க முடியாது. வேறு என்ன காரணம்?

(டார்ச்சைச் சார்ட் அட்டைக்கு நேராகப் பிடியுங்கள். வெளிச்சம் எத்தனை கட்டம் நிரப்புகிறது என்று ஒரு பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். பிறகு டார்ச்சை அசைக்காமல் அட்டையை மட்டும் சாயுங்கள்.)

டார்ச் அதேதான், பேட்டரியும் அதேதான். நேராக விழுந்தபோது 10 கட்டத்தில் இருந்த வெளிச்சம், டிசம்பர் வெயில் அளவுக்கு அட்டையைச் சாய்த்தால் சுமார் 12 கட்டத்துக்குப் பரவிவிடுகிறது. 10 பேருக்குக் கிடைத்ததை 12 பேர் பங்குபோட்டால் ஒவ்வொருவருக்கும் குறைவாகத்தானே கிடைக்கும்? சாய்ந்து வரும் வெயிலில் சூடு குறைவதற்கு இதுதான் காரணம்.

இனிக் கடைசிக் கேள்வி. வெயில் ஏன் வருடத்தில் பெரும்பகுதி ஒரு பக்கமும் சில மாதம் மறுபக்கமும் சாய்கிறது?

(ஒரு பிள்ளையை வகுப்பின் நடுவில் உட்காரவைத்து, செல்போன் டார்ச்சைக் கொடுங்கள். அந்தப் பிள்ளைதான் சூரியன். நீங்கள் உருண்டையைத் தூக்கிக்கொண்டு சுற்றி வாருங்கள். உருண்டையின் வட முனை எப்போதும் கரும்பலகைச் சுவரையே பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். சூரியன் உங்கள் பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கட்டும்.)

நான் இப்போது கரும்பலகைப் பக்கம் நிற்கிறேன். பூமியின் தலை சூரியனுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. மதுரையைச் சூரியனுக்கு நேரே திருப்புகிறேன், இது நண்பகல். குண்டூசியின் நிழல் எங்கே? வடக்கே. இது டிசம்பர். அப்படியே நடக்கிறேன். தலை பலகையைத்தான் பார்க்கிறது, நான் மாற்றவில்லை. இப்போது பின்சுவர்ப் பக்கம் வந்துவிட்டேன். அதே சாய்வுதான், ஆனால் சூரியன் இப்போது மறுபக்கம் இருப்பதால் தலை சூரியன் பக்கம் சாய்ந்ததாகிவிட்டது. நிழலைப் பாருங்கள், தெற்கே! இது ஜூன். நடுவில் ஓரிடத்தில் நிழல் மறைந்தது, அது நம் ஏப்ரல்.

பூமி சாய்ந்திருக்கும் திசை மாறவில்லை. அது சூரியனுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதுதான் மாறியது. நிழல் மாறியது அதனால்தான். வெயிலும் மாறுவது அதனால்தான்.

வீட்டுக்குப் போய் யோசித்துக்கொண்டு வாருங்கள்: நமக்கு நிழல் மறையும் அதே நாளில் சென்னையில் இருக்கிற உங்கள் சித்தப்பாவுக்கும் மறையுமா?"

ஸ்கிரிப்ட் இவ்வளவுதான். இனி, இதில் எங்கெங்கே தவறிப்போகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உருண்டையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற இடம்தான் ஆபத்தானது. மனித உடம்பு வட்டமாக நடக்கும்போது தானாகவே நடுவைப் பார்த்துத் திரும்பும், கையில் இருக்கிற உருண்டையும் சேர்ந்து திரும்பிவிடும். அப்படித் திரும்பினால் வட முனை வருடம் முழுக்கச் சூரியனுக்கு எதிர்ப்பக்கமே சாய்ந்திருக்கும், பருவகாலமே வராது. பார்க்கிற பிள்ளைக்குத் தவறு நடந்தது தெரியாது, குழப்பம் மட்டும் மிஞ்சும். பலகையின் மேல் சாக்பீஸால் ஒரு நட்சத்திரம் வரைந்து, அதற்குத் துருவ நட்சத்திரம் என்று பேர் வையுங்கள். ஒரு பிள்ளையை நிறுத்தி, வட முனை அந்த நட்சத்திரத்தை விட்டு விலகினால் உடனே கத்தச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு இந்தப் பாடம் மறக்கவே மறக்காது.

வெளிச்சத்துக்குச் செல்போன் டார்ச் சொன்னதற்கும் காரணம் உண்டு. எல்.இ.டி. பல்பின் வெள்ளைக் குமிழ் பெரியது, அதிலிருந்து விழும் ஊசி நிழல் மங்கிப் பரவிவிடும். செல்போன் டார்ச் ஒரு புள்ளி மாதிரி. ஒரு சென்டிமீட்டர் ஊசிக்கு டிசம்பர் நிலையில் ஆறேழு மில்லிமீட்டர் நிழல், ஜூன் நிலையில் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நிழல் துல்லியமாக விழும். போன் உருண்டையின் நடு உயரத்திலேயே இருக்க வேண்டும். மேலேயோ கீழேயோ பிடித்தால் நிழல் கணக்கு மாறிவிடும். ஜன்னலைச் சாத்திவிட்டு, பிள்ளைகளைக் குழுக் குழுவாகக் கிட்டே வந்து பார்க்க விடுங்கள். பின்பெஞ்சிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தெரியாது.

இரண்டாவது தடுமாற்றம் இன்னும் நுட்பமானது. தூரம் காரணமில்லை என்று தலையாட்டிய அதே பிள்ளை, உருண்டையைப் பார்த்ததும் "சாய்ஞ்சதால வடக்குப் பக்கம் சூரியனுக்குக் கிட்ட வந்துருது, அதான் சுடுது" என்று சொல்லும். பழைய எண்ணமே வேறு வழியாக உள்ளே வருகிறது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளிடம்தான் இதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் "அச்சு சாய்வு" என்று தேர்வில் சரியாக எழுதிவிடுவார்கள், உள்ளே இருப்பது வெளியே தெரியாது. "சாய்ந்தால் ஏன் சூடு கூடுகிறது?" என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் தெரிந்துவிடும்.

இதற்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்கள். பூமியின் மொத்தக் குறுக்களவே சுமார் 12,700 கிலோமீட்டர். சாய்வதால் ஓர் இடம் எவ்வளவுதான் கிட்டே வந்தாலும் அதற்கு மேல் வர முடியாது. ஜனவரிக்கும் ஜூலைக்கும் இடையே பூமி முழுசாக விலகும் தூரமோ 50 லட்சம் கிலோமீட்டர், அதாவது பூமியின் குறுக்களவைப் போல ஏறத்தாழ 390 மடங்கு. அத்தனை பெரிய விலகலே நம் ஜூலையைக் குளிர்காலமாக்கவில்லை. அப்படியிருக்க, இந்தச் சின்ன வித்தியாசம் என்ன செய்துவிடும்? இந்தக் கணக்கைக் கரும்பலகையில் பிள்ளைகளே வகுத்துப் பார்க்கட்டும்.

அடுத்து, கட்டாயம் வரப்போகும் கேள்வி: "ஏப்ரல்லயே சூரியன் உச்சிக்கு வந்துட்டுப் போயிருதே, அப்புறம் ஏன் கத்திரி மே மாசம் வருது?" அருமையான கேள்வி, இதைத் தள்ளிவிடாதீர்கள். அடுப்பை முழுசாக ஏற்றிய நொடியிலேயே தோசைக்கல் காய்ந்துவிடுவதில்லை. தீயைக் கொஞ்சம் தணித்த பிறகும்கூட, வருகிற சூடு போகிற சூட்டைவிட அதிகமாக இருக்கும்வரை கல் மேலும் மேலும் காயும். தரையும் அப்படித்தான். ஏப்ரல் நடுவில் சூரியன் நம் உச்சியைத் தாண்டினாலும், மே மாதம் முழுக்க உச்சியிலிருந்து பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குள்தான் நிற்கிறது. பகலும் நீண்டுகொண்டே போகிறது. மண் காய்ந்து கிடப்பதால், ஈரம் ஆவியாவதில் செலவாக வேண்டிய சூடும் தரையிலேயே தங்குகிறது. அதனால்தான் சூடு ஏறிக்கொண்டே போகிறது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பேன். நம் ஊரில் மார்கழி குளிர்வதற்குச் சூரியனின் சாய்வு மட்டும் காரணம் இல்லை. டிசம்பர் 21-இல் சூரியன் உச்சியிலிருந்து 33 டிகிரி தெற்கே நிற்கிறது. அதனால் நண்பகலில் தரைக்குக் கிடைக்கும் வெயில், நேர் உச்சி வெயிலைவிட 16 சதவீதம் குறைவு. பகல் நேரமும் ஜூனைவிட ஒரு மணி பத்து நிமிடம்போலக் குறைவு. இதோடு வடகிழக்குப் பருவமழை கொண்டுவரும் மேகமும் ஈர மண்ணும் சேர்ந்துகொள்கின்றன. டெல்லியில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருப்பதற்கு அங்கே சூரியன் இன்னும் அதிகமாகச் சாய்வதும் பகல் நேரம் இன்னும் அதிகமாக மாறுவதும் முக்கியக் காரணம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு அந்த மாற்றம் சிறியது, அதனால் மழையும் மேகமும் பெரிய பங்கு எடுத்துக்கொள்கின்றன. புத்தகத்தில் இருக்கிற வசந்தம், கோடை, இலையுதிர்காலம், பனிக்காலம் என்ற நான்கு கட்டங்களை அப்படியே உசிலம்பட்டி மேல் பொருத்தப் பார்த்தால் பிள்ளைக்குக் குழப்பம்தான் வரும். கண்ணால் பார்க்கிற பருவத்தோடு ஒட்டாத பாடத்தை அது மனப்பாடம் மட்டும்தான் செய்யும்.

நிழலில்லா நாளை நேரில் காட்ட முடிந்தால் அதற்கு ஈடே இல்லை. ஏப்ரலில் தேர்வும் விடுமுறையும் குறுக்கே வரலாம். ஆகஸ்ட் 27, 28 பள்ளி நாளாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் மேகம் மறைக்கலாம். மேகம் போட்டால் கவலைப்படாதீர்கள். ஒருநாள் முன்பின்னாகப் பார்த்தாலும், ஒரு மீட்டர் குச்சிக்கு நிழல் அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் இருக்கும். நாலைந்து நாளைக்குள் எப்போது வெயில் வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தச் செயலைக் கெடுப்பது பெரும்பாலும் கடிகாரம்தான். மணி 12 அடித்ததும் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போனால், ஒரு மீட்டர் குச்சியின் நிழல் மேற்கே ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம் விழுந்திருக்கும். "நிழல் இருக்கே சார்" என்பார்கள், எல்லாரும் ஏமாந்து திரும்புவீர்கள். இந்திய நேரம் மிர்சாப்பூர் வழியாகப் போகும் 82½ டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது. மதுரை 78.1 டிகிரியில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் வீதம், சூரியன் நம் உச்சிக்கு வர பதினேழு பதினெட்டு நிமிடம் தாமதமாகும். ஆக, ஏப்ரல் நடுவில் பார்க்க வேண்டிய நேரம் 12.18, ஆகஸ்ட் கடைசியில் 12.19. அதற்கு நாலு நிமிடம் முன்னாலோ பின்னாலோ பார்த்தால்கூட ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் நிழல் வந்துவிடும். 12 மணிக்கே வெளியே போய்விடுங்கள். மேற்கே இருக்கும் நிழல் சுருங்கிச் சுருங்கிக் குச்சியடிக்குள் போவதையும், பிறகு கிழக்குப் பக்கம் எட்டிப்பார்ப்பதையும் சேர்த்தே பார்க்கட்டும். மறையும் நொடியைவிட இந்த இருபது நிமிடம்தான் பிள்ளைகளை இழுத்துப் பிடிக்கும்.

மற்ற மாதங்களில் நண்பகல் நேரம் இதே 12.18 என்று எடுத்துக்கொள்ள முடியாது. நவம்பர் தொடக்கத்தில் 12.01-க்கே வந்துவிடும், பிப்ரவரி நடுவில் 12.32 ஆகிவிடும். பூமி தன் பாதையில் ஒரே வேகத்தில் போவதில்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது, இந்த இரண்டும் சேர்ந்து இப்படி ஆகின்றன. எட்டாம் வகுப்புக்கு இந்த விளக்கம் வேண்டாம். 11.50-இலிருந்து 12.40 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறித்து, அவற்றுள் மிகக் குட்டையான நிழலை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், போதும். அந்தக் குட்டை நிழல் காட்டுவதுதான் சரியான வடக்கு தெற்குத் திசை. செல்போன் காம்பஸோடு ஒப்பிட்டும் பார்க்கலாம்.

குச்சி கோணலாக நின்றாலும் எல்லாம் கெட்டுவிடும். ஒரு டிகிரி சாய்ந்தாலே மீட்டருக்கு ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் பொய் நிழல் வரும். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டை ஒரு பக்கமும், அதற்குக் குறுக்கே இன்னொரு பக்கமும் தொங்கவிட்டுச் சரிபார்த்த பிறகே நடுங்கள். கொடிக்கம்பம் நேராக நிற்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பல கம்பங்கள் கயிறு இழுத்து இழுத்துச் சாய்ந்திருக்கும். நிழலில்லா நாளுக்கு எனக்குப் பிடித்தது ஒரு முழ நீளப் பி.வி.சி. குழாய்த் துண்டு. ரசமட்டம் பார்த்த சமதளத்தில் அதை நேராக நிறுத்தி, கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்து வையுங்கள். 12 மணிக்குக் குழாய்க்குள் தரையில் வெளிச்சம் ஓரத்தில் ஒரு பிறைபோலத்தான் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. 12.18-க்குக் குழாய் வாய் அளவுக்கு முழு வட்டமாக வெளிச்சம் அடியில் வந்து உட்காரும், வெளிப்பக்கம் எங்கும் நிழல் இருக்காது. பிள்ளைகள் சூரியனைப் பார்த்துக் குழாய்க்குள் கண் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலிருந்து தாளை எட்டிப்பார்த்தால் அவர்கள் தலையே வெயிலை மறைத்துவிடும், அதனால் குழாயின் அடியில் ஒரு பக்கம் சின்ன ஜன்னல் மாதிரி வெட்டிவிட்டால் அதன் வழியாகத் தாளைப் பார்க்கலாம்.

கடைசியாக, வீட்டுப்பாடமாகக் கொடுத்த அந்தச் சென்னைச் சித்தப்பா கேள்வி. மறையாது என்பதுதான் பதில். சென்னை 13.1 டிகிரி வடக்கே இருக்கிறது. நமக்கு நிழல் மறையும் நாளில், சென்னையின் நண்பகலில் ஒரு மீட்டர் குச்சிக்கு வடக்கே ஐந்தரை சென்டிமீட்டர் நிழல் விழும். அங்கே மறைவது ஏப்ரல் 24, 25 வாக்கில். கன்னியாகுமரிக்கு நமக்கு முன்னாலேயே, ஏப்ரல் 10, 11 வாக்கில் மறைந்துவிடும். நிழலில்லா இடம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே ஏறிக்கொண்டு போகிறது. பூமி சாய்ந்திருப்பது 23.4 டிகிரி என்பதால், ஜூன் 21-இல் அந்த அளவுக்குப் போய், அதற்கு மேல் போக முடியாமல் திரும்பிவிடுகிறது. அது திரும்புகிற கோட்டைத்தான் வரைபடத்தில் கடகரேகை என்று போட்டிருக்கிறார்கள். டெல்லி 28.6 டிகிரியில் இருப்பதால் நிழலில்லா நாள் அங்கே வருவதே இல்லை. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ சொந்தக்காரர் இருக்கிற பிள்ளை, அன்றைக்கு அவர்களிடம் போன் போட்டு ஒரு குச்சியை நட்டு அளந்து சொல்லச் சொல்லட்டும். மறுநாள் வகுப்பில் அந்த அளவுகளை ஊர்ப் பெயரோடு பலகையில் எழுதிப்போட்டு, அடுத்து எந்த ஊரில் நிழல் மறையும் என்று பிள்ளைகளையே கணக்குப் போட வையுங்கள்.